ஃபார்களை எண்ணினால் விடை வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார மாணவர் இணைப்பில், தேர்வுக் குறிப்புகள் பகுதியில், உள்ளீட்டின் அளவு n வளரும்போது ஒரு நிரலின் ஓட்ட நேரம் எப்படி வளர்கிறது என்பதை O குறியீட்டில் எழுதுவது பற்றி இப்படி ஒரு வரி வந்திருந்தது: "எத்தனை ஃபார் லூப் ஒன்றுக்குள் ஒன்று இருக்கிறதோ, n-க்கு அத்தனை அடுக்கு. கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்." கண்ணை மூடிக்கொண்டு எழுதிய விடைத்தாள்களைக் கண்ணைத் திறந்துகொண்டு திருத்த வேண்டியவர்களில் நானும் ஒருவன் என்பதால் இந்தக் கடிதத்தை எழுத வேண்டியிருக்கிறது. தங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப்போவதில்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்து அனுப்பியவருக்காகச் சொல்கிறேன்.

அந்த வரிக்கு நான்கு அங்குலம் கீழே, தாங்களே ஒரு மாதிரிக் கணக்கு கொடுத்திருந்தீர்கள்:

```c
for (i = n; i >= 1; i = i / 2)
    for (j = 1; j <= i; j++)
        count++;
```

மேலே சொன்ன விதிப்படி இதில் இரண்டு ஃபார், ஆகவே O(n²). ஆனால் மாதிரி விடையில், "வெளி லூப் log n தடவை, உள் லூப் n தடவை, பெருக்கினால் O(n log n)" என்று இருந்தது. விதியும் விடையும் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டிருப்பது யார் கண்ணிலும் படவில்லை. அது போகட்டும். எதிர்பார்க்க வேண்டிய விடை இரண்டுமே இல்லை. அது O(n).

n-ஐ 16 என்று வைத்து எண்ணிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். i முதலில் 16, அப்போது உள் லூப் 16 தடவை ஓடும். அடுத்து i பாதியாகி 8, உள் லூப் 8 தடவை. பிறகு 4, 2, 1. மொத்தம் 31. இங்கே log-இன் அடிமானம் 2, log 16 என்பது 4; ஆகவே மாதிரி விடைப்படி 16-ஐ 4-ஆல் பெருக்கி 64 வரவேண்டும். ஃபார் எண்ணும் விதிப்படி 256. n-ஐ 32 ஆக்கினால் மொத்தம் 63, 1024 ஆக்கினால் 2047. n இரட்டிக்கும்போது எண்ணிக்கையும் ஏறக்குறைய இரட்டிக்கிறது, அவ்வளவுதான். n இரண்டின் அடுக்காக இல்லாவிட்டாலும் கதை மாறாது: n = 10 என்றால் முழு எண் வகுத்தலில் i-யின் மதிப்புகள் 10, 5, 2, 1. கூட்டினால் 18, அதுவும் 2n-க்குள்தான்.

தவறு எங்கே நுழைந்தது என்றால், பெருக்கிய இடத்தில். வெளி லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் உள் லூப் ஒரே அளவு ஓடினால் மட்டுமே பெருக்கலாம். இங்கே உள் லூப்பின் எல்லை i. அந்த i சுற்றுக்குச் சுற்று பாதியாகத் தேய்கிறது. முதல் சுற்றில் மட்டும்தான் அது n. அந்த ஒரு சுற்றின் அளவை எல்லாச் சுற்றுக்கும் ஏற்றிப் பெருக்கியதால் வந்த வினை. இதே நிரலில் `j <= i` என்பதை `j <= n` என்று மாற்றிவிட்டால் தங்கள் மாதிரி விடை அப்படியே சரியாகிவிடும்: ஒவ்வொரு சுற்றிலும் n, சுற்றுகள் ஏறக்குறைய log n, ஆகவே O(n log n). ஓர் எழுத்துதான் வித்தியாசம். வினாத்தாள் தயாரிப்பவர்கள் அந்த ஓர் எழுத்தில்தான் ஐந்து மதிப்பெண்ணை ஒளித்துவைக்கிறார்கள். மாணவன் முதலில் பார்க்க வேண்டியது எத்தனை ஃபார் என்பதை அல்ல, உள் ஃபாரின் எல்லையில் வெளி ஃபாரின் மாறி தலைகாட்டுகிறதா என்பதை.

தலைகாட்டினால் பெருக்கக் கூடாது, கூட்ட வேண்டும். விடைத்தாளில் அந்தக் கூட்டல் தெரிய வேண்டும். "O(n)" என்று கடைசி வரியை மட்டும் எழுதி அடியில் இரட்டைக்கோடு போடுகிறவர்களுக்கு, விடை சரியாக இருந்தாலும் ஒன்றோ இரண்டோதான் போட முடிகிறது. குருட்டுப்பூனை விட்டத்தில் பாய்ந்ததா, கணக்குப் போட்டு வந்ததா என்பது எங்களுக்குத் தெரிவதில்லை. தாங்கள் அச்சிட்டிருக்க வேண்டிய விடை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"count++ ஓடும் தடவைகளை T(n) என்க. வெளி லூப்பின் ஒரு சுற்றில் i-யின் மதிப்பு என்னவோ, உள் லூப் அத்தனை தடவை ஓடும். i-யின் மதிப்புகள் n, n/2, n/4 என்று 1 வரை குறையும். ஆகவே T(n) ≤ n + n/2 + n/4 + … + 1. இது பொது விகிதம் 1/2 கொண்ட பெருக்குத் தொடர். எத்தனை உறுப்பு எடுத்தாலும் கூட்டுத்தொகை 2n-க்குக் குறைவு. எனவே எல்லா n ≥ 1-க்கும் T(n) ≤ 2n. c = 2, n₀ = 1 எனக் கொண்டால் T(n) = O(n)."

ஆறேழு வரி. எதை எண்ணுகிறோம் என்று முதல் வரியே சொல்லிவிடுகிறது. உள் லூப்பின் அளவு i-யைப் பொறுத்தது என்று அடுத்தது சொல்கிறது. தொடர் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. கடைசியில் c-யும் n₀-வும் எண்களாக நிற்கின்றன. பெரும்பாலான தாள்களில் விடுபடுவது கடைசியில் சொன்ன இரண்டும்தான். O என்பதன் வரையறையே அவற்றில்தான் இருக்கிறது: c என்ற ஒரு மாறிலிக்கு, ஏதோ ஒரு n₀ முதல் T(n), f(n)-இன் c மடங்குக்கு மேல் போகாது என்பதுதான் T(n) = O(f(n)). மேலும் ஒரு வரி சேர்க்க மனமிருந்தால், முதல் சுற்றிலேயே உள் லூப் n தடவை ஓடிவிடுவதால் T(n) ≥ n என்று எழுதி, Θ(n) என்றே முடிக்கலாம்.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். O என்பது மேல்வரம்பு மட்டுமே. அந்தக் கண்டிப்பான பொருளில் O(n log n) பொய் இல்லை. 31 என்பது 64-க்குள் அடங்கும்தானே. O(n²) கூடப் பொய் இல்லை. மதுரையிலிருந்து சென்னை எவ்வளவு தூரம் என்று கேட்டவரிடம் "ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இல்லை" என்று சொல்வது எப்படிப் பொய் இல்லையோ, அப்படி. மதிப்பெண் குறைந்த கெட்டிக்கார மாணவர்கள் இந்த வாதத்தோடு வந்து நிற்கும்போது, "இறுக்கமான வரம்பு கேட்டோம்" என்று சொல்ல வினாத்தாளில் அந்தச் சொல் இருக்க வேண்டும். பல வினாத்தாள்களில் அது இருப்பதில்லை. அந்தக் குற்றத்தில் எங்கள் பக்கத்தவர்க்கும் பங்குண்டு. O-வை மேல்வரம்புக்கும், Ω-வைக் கீழ்வரம்புக்கும், இரண்டும் பொருந்தும்போது Θ-வையும் எழுதுங்கள் என்று கணினி அறிஞர் டொனால்ட் கனூத் 1976-லேயே வற்புறுத்தி எழுதிவிட்டார். மூன்று குறியீடுகளும் நம் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலிலும் இருக்கின்றன. தங்கள் இணைப்பில் மட்டும் இன்னும் O ஒன்றே ஆட்சி செய்கிறது.

எழுத ஆரம்பித்துவிட்டேன், பழைய பாக்கியையும் சேர்த்தே தீர்த்துவிடுகிறேன். சில மாதங்களுக்கு முன் இதே பகுதியில் உள் லூப் `j = i + 1`-இலிருந்து n வரை ஓடும் கணக்கு ஒன்று வந்தது. எண்ணிக்கை n(n−1)/2 என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, முடிவில் "O(n²/2)" என்று அச்சிட்டிருந்தீர்கள். அரை என்பது ஒரு மாறிலி. அது c-க்குள் போய்விடும். n²/2 − n/2 என்பது n²-ஐ ஒருபோதும் தாண்டாது, ஆகவே c = 1 போதும், விடை O(n²). "பாதிதான் ஓடுகிறது, அதனால் n²-ஐவிட ஒரு படி கீழே" என்று எழுதும் மாணவர்கள் எங்கிருந்து முளைக்கிறார்கள் என்று அதுவரை எனக்குப் புரியாமல் இருந்தது. இங்கே கவனியுங்கள், இந்தக் கணக்கிலும் உள் லூப் சுற்றுக்குச் சுற்று தேய்கிறது. ஆனால் சுற்றுக்கு ஒன்று ஒன்றாகத் தேய்கிறது. பாதி பாதியாக அல்ல. அதனால்தான் இது n²-லேயே நிற்கிறது, அது n-க்கு இறங்கிவிட்டது. தேய்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது, எப்படித் தேய்கிறது என்று கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அதற்கும் முன்னால் ஒரு முறை, இன்றைய நிரலின் உடன்பிறப்பு போன்ற ஒன்றில் `i >= 1` என்பதற்குப் பதில் `i >= 0` என்று அச்சாகியிருந்தது. 1-ஐ 2-ஆல் வகுத்தால் முழு எண் வகுத்தலில் 0. 0-ஐ வகுத்தால் மறுபடி 0. வெளி லூப் விடியவிடிய ஓடும். "இந்த நிரல் முடியவே முடியாது" என்று ஒரு மாணவன் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் அவனுக்குத்தான், தங்கள் விடைக்கு அல்ல. அப்போதும் கடிதம் எழுதினேன். பதில் எதிர்பார்த்து எழுதவில்லை என்பதால் வராதது பெரிய குறையில்லை.

அடுக்கெண்ணைப் பற்றி எத்தனை முறை சொல்வது! O(n2) என்று 2-ஐத் தரையில் இறக்கி அச்சிட்டால், பக்கத்து ஊர்ப் பேருந்து எண் போல இருக்கிறது. படிக்கும் பிள்ளை அதை n பெருக்கல் 2 என்று எடுத்துக்கொண்டால், மாறிலியை நீக்கி O(n) என்று எழுதுவதுதான் அவனுக்கு முறை. நாங்கள் அதைத் தவறு என்று சுழிக்கிறோம். பிழை அச்சகத்தில், தண்டனை தேர்வறையில். O-வுக்குப் பதில் பூஜ்யம் அச்சாவதைப் பற்றி இந்த முறை பேசவில்லை. தலைப்பில் "நேரச் சிக்கல்" என்று போட்டு, ஏதோ ரயில் தாமதமானது போல எழுதியிருப்பதைப் பற்றியும் பேசவில்லை.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த வார இணைப்பில், ராசிபலனுக்குப் பக்கத்தில் இடம் இருந்தாலும் பரவாயில்லை, ஒரு சின்னக் கட்டம் போட்டு, "மாதிரிக் கணக்கின் விடை O(n), உள் லூப்பின் எல்லை i என்பதால் பெருக்கக் கூடாது, கூட்ட வேண்டும்" என்று ஒரு வரி வெளியிடுங்கள். ஃபார்களை எண்ணச் சொன்ன வரியைத் திரும்பப் பெறுவதாக இன்னொரு வரி. 2 மேலே ஏறி நிற்கிறதா என்று அச்சுக்குப் போகுமுன் யாராவது ஒருவர் பார்த்துவிடட்டும்.

இப்படிக்கு,
விடைத்தாள் திருத்தும் கணினி அறிவியல் ஆசிரியர் ஒருவர்,
மதுரை