டிராக்கிங்கில் ‘டெலிவர்டு’, கையில் பொருள் இல்லை: என் பணத்தைத் திருப்பித் தாருங்கள்

வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவின் பொறுப்பாளருக்கு,

வணக்கம். அப்பாவுக்காக உங்கள் தளத்தில் ஒரு காது கேட்கும் கருவி ஆர்டர் செய்து, முழுப் பணத்தையும் கார்டில் கட்டினேன். பொருள் இன்றுவரை வரவில்லை. ஆனால் டிராக்கிங் பக்கம் ‘டெலிவர்டு’ என்கிறது. அந்த ஒற்றைச் சொல்லைக் காட்டித்தான் உங்கள் பிரிவு என் புகாரை மூடியது. மறுபடி திறந்தேன், மறுபடி மூடினீர்கள். இரண்டு முறையும் வந்தது ஒரே வாசகம்: “எங்கள் பதிவின்படி பொருள் ஒப்படைக்கப்பட்டுவிட்டது.” இதே பதிலை வாங்கிக்கொண்டு நிற்பவர்கள் வேறு பலரும் இருப்பார்கள் என்பதால் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

அந்தப் பதிவு எப்படி உண்டாகிறது என்று உங்களுக்குத் தெரியும். டெலிவரி செய்பவர் பார்சலின் பார்கோடை ஸ்கேன் செய்து, செயலியில் ஒரு பொத்தானை அழுத்துகிறார். உடனே என் டிராக்கிங் பக்கத்தில் நிலை மாறுகிறது. அதாவது, கொடுக்க வேண்டியவர் ‘கொடுத்துவிட்டேன்’ என்று தானே எழுதிக்கொள்வதுதான் அந்த ‘டெலிவர்டு’. நான் வாங்கிக்கொண்டதற்கு அதில் எந்தச் சாட்சியமும் இல்லை. சாட்சியம் வேண்டுமென்றால் புகைப்படம், கையெழுத்து, ஓடிபி, ஸ்கேன் நடந்த இடத்தின் ஜிபிஎஸ் பதிவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். என் புகாரை மூடியவர் இவற்றில் எதையாவது திறந்து பார்த்தாரா என்று கேட்டேன். பதில் இல்லை.

நான் விடாமல் கேட்டதில் புகைப்படம் மட்டும் வந்தது. அதில் பச்சை வண்ணம் அடித்த இரும்பு கேட்டின் கீழ்ப்பகுதி தெரிகிறது. முன்னால் இரண்டு சிமென்ட் படிகள், மேல் படியில் ஒரு பழுப்பு நிற அட்டைப்பெட்டி. பெட்டியில் ஒட்டிய லேபிளைப் படிக்க முடியவில்லை. நாங்கள் இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காவது தளத்தில். எங்கள் வாசலில் மரக்கதவுதான் உண்டு. இரும்பு கேட்டும் இல்லை, படிகளும் இல்லை. கட்டடத்தின் பிரதான நுழைவாயில் கண்ணாடிக் கதவு. கதவு எண் தெரியும்படி எங்கள் வாசலைப் படமெடுத்து, உங்கள் படத்தோடு சேர்த்து அனுப்பினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பெட்டி வேறு யாரோ ஒருவர் வீட்டுப் படியில் இருப்பது தெரிந்துவிடும். ஆர்டரில் ‘ஓடிபி சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்’ என்று நீங்களே குறிப்பிட்டிருந்தீர்கள். எனக்கு எந்த ஓடிபியும் வரவில்லை. அப்படி ஒன்று அனுப்பப்பட்டிருந்தால் எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்குப் போனது, செயலியில் சரியாக உள்ளிடப்பட்டதா என்பதெல்லாம் உங்கள் பக்கத்தில் பதிவாகியிருக்கும். அதை எடுத்துக் காட்டுங்கள்.

ஜிபிஎஸ்ஸைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘ஸ்கேன் உங்கள் முகவரிக்கு அருகில்தான் நடந்திருக்கிறது’ என்று உங்கள் ஊழியர் போனில் சொன்னார். எவ்வளவு அருகில் என்று சொல்லவில்லை. உயரமான கட்டடங்களுக்கு நடுவே போனின் ஜிபிஎஸ் பல மீட்டர் தள்ளிக் காட்டும். எந்தத் தளம் என்பதை அதை வைத்துச் சொல்லவே முடியாது. ஆகவே ஸ்கேன் வேறு தெருவிலோ கிடங்கிலோ நடந்திருந்தால், பொருள் என் வீட்டுக்கு வரவில்லை என்று அடித்துச் சொல்ல அது உதவும். அருகில் நடந்திருந்தால், அடுத்த கட்டடத்தில் வைத்துவிட்டுப் போனதற்கும் என் கையில் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அது காட்டாது.

இன்னொரு பதிவும் உங்களிடம் இருக்கும்: அந்த நபர் அன்று ஸ்கேன் செய்த பார்சல்களின் வரிசை. வீடு வீடாகப் போய்க் கொடுத்தால் ஒரு ஸ்கேனுக்கும் அடுத்ததற்கும் இடையே சில நிமிடங்களாவது ஆகும், இடமும் மாறும். வேலை நேரம் முடியும்போது மீதமிருக்கும் பார்சல்களை மொத்தமாக ‘டெலிவர்டு’ என்று குறித்தால், அடுத்தடுத்த ஸ்கேன்கள் ஒரே இடத்தில், ஒரே நிமிடத்துக்குள் குவிந்து கிடக்கும். என் பார்சல் இரவு 8.52க்குக் கொடுக்கப்பட்டதாகக் காட்டுகிறது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஸ்கேன்களைப் பாருங்கள். கொடுக்க முடியாத பார்சல் கணக்கில் ஏறினால் கேள்வி வரும் என்ற பயத்தில் இப்படிக் குறித்துவிட்டு, மறுநாள் கொண்டுபோய்க் கொடுப்பதும் உண்டு. அதனால் இரண்டு நாள் பொறுங்கள் என்று நீங்கள் சொன்னபோது நியாயம் என்றுதான் பொறுத்தேன். அந்த அவகாசம் எப்போதோ கடந்துவிட்டது.

‘கூரியர் நிறுவனத்தில் புகார் செய்யுங்கள்’ என்றீர்கள். செய்தேன். அனுப்பியவர் கேட்டால்தான் விசாரணை தொடங்குவோம் என்று அவர்கள் கையை விரித்துவிட்டார்கள். அவர்களை அமர்த்தியது நீங்கள், கட்டணம் கொடுப்பதும் நீங்கள். எனக்கும் அவர்களுக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை ஆணை, 20ஆவது பிரிவில் இதைத் தெளிவாகவே சொல்கிறது: பொருள் வாங்குபவரின் கைக்கு வந்து சேரும்வரை அது தொலைந்தால் இழப்பு விற்பவருடையது, வாங்குபவர் தானாகவே வேறு கூரியரை ஏற்பாடு செய்திருந்தால் மட்டும் விதிவிலக்கு. கூரியரை நான் ஏற்பாடு செய்யவில்லை. பணம் கட்டும் பக்கத்தில் தேர்ந்தெடுக்க வாய்ப்பும் தரப்படவில்லை.

பொருளைப் பெற்றுக்கொண்டு வரவில்லை என்று பொய் சொல்பவர்களும் இருக்கிறார்கள், தெரியும். அதனால் நீங்கள் விசாரிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ‘வரவில்லை’ என்பதை நான் எதைக் காட்டி நிரூபிப்பது? இல்லாத ஒன்றைப் படமெடுக்க முடியாது. கொடுத்ததற்கான ஆதாரம் ஏதாவது இருந்தால் அது உங்கள் தரப்பில்தான் இருக்கும். அதைப் பார்க்காமலே என்னைச் சந்தேகிப்பது விசாரணை ஆகாது.

புகாரை மூடித் திறந்து நாளைக் கடத்துவதால் எனக்கு வேறொரு நஷ்டமும் இருக்கிறது. பொருள் வரவில்லை என்று வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்க, கார்டு நிறுவனங்கள் ஒரு காலக்கெடு வைத்திருக்கின்றன. பொதுவாக அது 120 நாள். உங்கள் பதிலுக்காகக் காத்திருந்து அதைத் தவறவிட நான் தயாராக இல்லை. வங்கிக்குப் போனால், ஒப்புக்கொண்ட முகவரியில் பொருள் ஒப்படைக்கப்பட்டதற்கான ஆதாரத்தை உங்களிடம்தான் கேட்பார்கள். அப்போது இந்தப் பச்சை கேட் படத்தைத்தான் கொடுக்கப்போகிறீர்களா?

ஆகவே நான் கேட்பது இதுதான். ஓடிபி பதிவு, ஸ்கேன் நடந்த இடம், அந்த நேரத்து ஸ்கேன் வரிசை மூன்றையும் பார்த்து, என் வாசலில் என்னிடம் கொடுக்கப்பட்டதாக எது காட்டுகிறது என்று எழுத்துமூலம் சொல்லுங்கள். மற்றவர்களின் முகவரிகள் எனக்கு வேண்டாம், அவற்றை மறைத்துவிடலாம். அப்படி ஒன்றும் இல்லையென்றால் டெலிவரி கட்டணம் உட்பட முழுத்தொகையையும் நான் பணம் கட்டிய அதே கார்டுக்குத் திருப்பி அனுப்புங்கள். உங்கள் தளத்தின் வாலெட்டில் வரவு வைப்பதையோ கூப்பனையோ ஏற்கமாட்டேன். அப்பாவின் கருவியை வேறு இடத்தில் வாங்க அந்தப் பணம் தேவைப்படுகிறது. அதுவரை வீட்டில் நாங்கள் சொல்வது அவர் காதில் விழுவதில்லை. போன் அடித்தாலும் எடுப்பதில்லை.

ஒரு வேண்டுகோளும் உண்டு. என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளாமல், இந்தத் தொகையை அந்த டெலிவரி ஊழியரின் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். முகவரி லேபிள் கிழிந்திருக்கலாம், பார்சல் கிடங்கிலேயே மாறியிருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை. என் பணம் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆர்டர் எண், டிராக்கிங் எண், இரண்டு படங்கள் எல்லாம் என் புகாருடன் ஏற்கெனவே இணைக்கப்பட்டுள்ளன. 7 நாளுக்குள் எழுத்துமூலப் பதில் வராவிட்டால், இதே ஆவணங்களுடன் வங்கியிலும் நுகர்வோர் குறைதீர் அமைப்பிலும் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
பொருள் கிடைக்கப்பெறாத வாடிக்கையாளர்