சந்தை ஒழுங்கையில் யார் நிற்பது

அன்புள்ள மகளுக்கு,

நேற்று சந்தை ஒழுங்கையில் நெல் மூடைப் பெட்டி பூட்டிய உழவு இயந்திரத்துக்கு முன்னால் மாட்டிக்கொண்டு நீ பட்ட பாட்டைக் கேட்டதிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. காலபோக அறுவடை முடியும்வரை அந்தப் பெட்டிகள் வந்துகொண்டுதான் இருக்கும், அதனால் எழுதுகிறேன்.

ஓரமாக வாகனங்களை நிறுத்தி விட்டிருந்தது உன் இடப்பக்கம்தானே? அப்படியென்றால் நிற்க வேண்டியது நீதான். அவற்றைச் சுற்றிப்போக எதிரே வருபவரின் பக்கத்துக்குள் இறங்குவது நீ. அந்த ஒழுங்கை 18 அடி என்று வைத்துக்கொள். நிற்கிற வான் 6 அடியை எடுத்தால் மிச்சம் 12. கண்ணாடிகளோடு உன் கார் ஆறரை அடி, மூடைப் பெட்டியும் ஏறக்குறைய அவ்வளவு. இரண்டும் ஒன்றாகக் கொள்ளாது.

எங்கே நின்றாய் என்று கேட்டேன். வானின் பின்பக்கத்தோடு ஒட்டி என்றாய். அங்கேதான் பிழை வந்திருக்கிறது. அங்கே நின்றால் வானுக்கு அப்பால் எதுவும் தெரியாது; வெளியே எடுக்க ஸ்டியரிங்கை முழுதாக வெட்ட வேண்டும், கார் மூக்கு அவருடைய பாதையில் நீட்டும். இரண்டு கார் நீளம் முன்னதாகவே, உன் இடப்பக்கத்திலேயே நில். அங்கிருந்தால் வரிசையின் மறுமுனை வரை தெரியும். நீ நிற்கிறாய் என்பது அவருக்கும் தெரியும், அவர் தயங்காமல் வருவார்.

அவர் லைட் அடித்ததை ‘வா’ என்று எடுத்துக்கொண்டாய். நம் பக்கத்தில் லைட் அடிப்பவர்களில் பலர் ‘நான் வருகிறேன், நில்’ என்றுதான் அடிப்பார்கள். சிலர் வழிவிடவும் அடிப்பார்கள். ஆகவே லைட்டைப் பார்க்காதே, சில்லைப் பார். அது நின்றபின் அவர் கையையும் காட்டினால் போ. அவர் விட்டாலும் அவருக்குப் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள் விட்டதாகாது.

உள்ளே போகும்போது நிற்கிற வாகனங்களிலிருந்து ஒரு கதவு திறக்கும் அளவு, மூன்று அடியாவது, விலகிப் போ. அவ்வளவு இடமில்லையென்றால் நடக்கிற வேகத்துக்கு இறக்கிவிடு. சந்தைக்கு வந்தவர்கள் பையோடு பார்க்காமல் கதவைத் திறப்பார்கள்.

சரி, நடுவில் சந்தித்துவிட்டால்? யாருக்குப் பின்னால் ஒதுங்க இடம் கிட்டவோ, அவர் பின்னுக்கு எடுப்பதுதான் வழக்கம். ஆனால் பெட்டி பூட்டிய உழவு இயந்திரம் என்றால், உனக்கு உரிமை இருந்தாலும் நீயே பின்னுக்கு எடுத்துவிடு. பின்னுக்குப் போகும்போது ஸ்டியரிங்கை வெட்டிய பக்கத்துக்கு எதிராகப் பெட்டி மடங்கும். பாரத்தோடு அதை நேராக எடுப்பது பழகியவர்களுக்கே கஷ்டம். எடுக்க முன் கண்ணாடியை இறக்கி, பின்னால் ஒட்டி நிற்கிற சைக்கிள்காரரிடம் வாயாலேயே கேள். கேட்டால் விலகுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, கடைகள் திறக்க முன்னம், அந்த ஒழுங்கைக்கே போவோம். நான் எதிரே வானை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா