கடைசி 15 நிமிடத்தை ஷிஃப்டுக்குள் சேருங்கள்

மதிப்பிற்குரிய செயல்பாட்டு மேலாளருக்கும் ஷிஃப்ட் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். போன வாரம் தேங்கிப்போன டிக்கெட்டைப் பற்றிய உங்கள் சுற்றறிக்கையைப் படித்தோம். அலட்சியம் என்ற ஒரே சொல்லில் அதை முடித்துவிட்டீர்கள். அந்த டிக்கெட் கடைசியில் என் கையில்தான் வந்தது என்பதால் எழுதுகிறேன்.

இரவு ஷிஃப்ட் 6 மணிக்கு முடிகிறது. 5:48-க்கு மென்பொருள் அதைத் தானாகவே என் சக ஊழியர் பெயரில் போட்டது. அவர் வாடிக்கையாளரிடம் பிழைப் பதிவைக் கேட்டார், பதிலுக்காகக் காத்திருக்கும் நிலையில் டிக்கெட்டை வைத்தார், கிளம்பினார். அந்த நிலையில் கெடு நேரம் ஓடாது. 6:20-க்குப் பதில் வந்ததும் அது மறுபடி ஓடத் தொடங்கியது. ஆனால் டிக்கெட் அவர் பெயரிலேயே இருந்ததால் அறிவிப்பும் அவருக்குத்தான் போனது. அவருக்கோ அன்றிலிருந்து இரண்டு நாள் வார விடுமுறை.

பக்கத்து இருக்கையில் நான் பொதுவரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் பெயரில் இருப்பது அதில் தெரியாது. மறுநாள் மதியம் வாடிக்கையாளர் போனில், “நேற்றே அனுப்பிவிட்டேனே, யாரும் பார்க்கவில்லையா?” என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பிழைப் பதிவைத் திறந்தால், சர்வரின் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்கப் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது.

அவர் உழைத்த 12 நிமிடமும் பதிவாகவில்லை. அதனால் அறிக்கையில் யாருமே தொடாத டிக்கெட்டாக அது நின்றது. விடுமுறை முடிந்து வந்து நினைவிலிருந்து எழுதிய நேரத்தை நீங்கள் ஏற்கவும் இல்லை.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: கடைசி 15 நிமிடத்தை ஒப்படைப்புக்கு ஒதுக்குங்கள், அதை ஷிஃப்டுக்குள்ளேயே சேருங்கள். அந்த நேரத்தில் புது டிக்கெட் தானாக வருவது நிற்க வேண்டும். முடிந்ததை மூடுவோம். முடியாததை, இதுவரை என்ன செய்தோம், யாருடைய பதிலுக்குக் காத்திருக்கிறோம், அடுத்து என்ன என்று மூன்று வரி எழுதி, வருபவர் பெயருக்கு மாற்றுவோம். பதிலுக்காகக் காத்திருப்பவற்றையும் அப்படியே மாற்றுவோம். வருபவர் “எடுத்துக்கொண்டேன்” என்று குறித்த பிறகு நேரத்தைப் பதிந்துவிட்டு வெளியேறுவோம். போன் அமைப்பிலிருந்தும் சேர்த்துத்தான். இப்போது அவசரத்தில் அதை மறந்துவிட்டால், காலி இருக்கையில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

இதையெல்லாம் இன்றும் சிலர் செய்கிறார்கள், 6:20 வரை சொந்த நேரத்தில் உட்கார்ந்து. அந்த இருபது நிமிடம் எந்தக் கணக்கிலும் இல்லை. கணக்கில் வராத நேரத்தில் வேலை செய்யாதவரை மட்டும் அலட்சியக்காரர் என்பது எப்படி நியாயம்? டீ குடிக்க எழுந்த நிமிடம்கூடக் குறிக்கப்படும் இடம் இது.

சரி, கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன். 15 நிமிடம், ஷிஃப்டுக்குள். அடுத்த மாதப் பணி அட்டவணையிலேயே இதைச் சேர்க்கும்படியும், சக ஊழியர் மீதான குறிப்பைத் திரும்பப் பெறும்படியும் தயவுசெய்து கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காலை ஷிஃப்ட் ஊழியர் ஒருவர்