ராத்திரிச் சோறும் உன் எடையும்

அன்புள்ள கதிருக்கு,

ராத்திரி பத்தரைக்கு வேலை முடிந்து வந்து சோறு சாப்பிடுவதால்தான் கொழுப்பு கரையவில்லை என்று சோற்றை நிறுத்திவிட்டாய். இப்போது இரண்டு சப்பாத்தியோடு படுக்கப் போகிறாயாம். எனக்கு அது சரியாகப் படவில்லை.

உடம்பு கடிகாரத்தைப் பார்த்துக் கொழுப்பைச் சேர்ப்பதில்லை. நாள் முழுக்கச் சாப்பிட்டது செலவழிந்ததைவிடக் கூடினால் சேரும், குறைந்தால் கரையும். 2022இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 30 பேருக்கு ஒரே அளவு கலோரியை நான்கு வாரம் காலையில் அதிகமாகவும், நான்கு வாரம் இரவில் அதிகமாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு முறையும் சுமார் 3.3 கிலோ குறைந்தது. ஆனால் காலையில் நிறையச் சாப்பிட்ட வாரங்களில் பசி குறைவாக இருந்தது. நீ கவனிக்க வேண்டியது அந்தப் பசியைத்தான்.

உன் கணக்கையே பார்ப்போம். ஒன்றரைக் கப் சோறு ஏறக்குறைய 300 கலோரி. எண்ணெய் விடாத இரண்டு சப்பாத்தி 200லிருந்து 240. மிச்சம் பிடித்தது அறுபதோ நூறோதான். அப்புறம் பன்னிரண்டு மணிக்குப் பசித்து ஐம்பது கிராம் மிக்சர் சாப்பிட்டால் 250 கலோரிக்கு மேல் போய்விடும். மதியம் அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டு வருபவர்களுக்கு இதுதான் நடக்கும். ஆஸ்பத்திரியில் டயட் சொல்லிக்கொடுத்த காலத்தில் நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, சோறு சாப்பிட்ட மறுநாள் காலையில் எடை ஒரு கிலோ ஏறிவிட்டது என்று பயந்தாய். அது கொழுப்பு இல்லை. ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால் தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். சோற்றின் மாவுச்சத்து தசையிலும் ஈரலிலும் சேரும்போது கூடவே மூன்று மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஊறுகாய், அப்பளத்தின் உப்பும் தண்ணீரை நிறுத்தும். நேரம் கழித்துச் சாப்பிட்டதால் வயிற்றிலும் இன்னும் சாப்பாடு இருக்கும்.

அதற்காக நேரம் பொருட்டே இல்லை என்று சொல்லவில்லை. இரவில் உடம்பு சர்க்கரையைக் கையாளுவது மந்தம், அதனால்தான் அப்பாவை ஏழரைக்கே சாப்பிட வைக்கிறேன். நிறையச் சாப்பிட்டு உடனே படுத்தால் நெஞ்செரிச்சலும் வரும்.

நீ மதியம் வயிறாரச் சாப்பிடு. ஆறு மணிக்குச் சுண்டலோ இரண்டு முட்டையோ சாப்பிடு. வந்ததும் ஒரு கப் சோறு, நிறையப் பொரியல், பருப்பு போதும். தினமும் காலையில் எடை பார்த்து வாரச் சராசரியை மட்டும் எழுதி வை. மூன்று வாரத்தில் சராசரி இறங்கவில்லை என்றால் எனக்கு அனுப்பு, எண்ணெயிலா நொறுக்குத் தீனியிலா எங்கே குறைப்பது என்று பார்க்கலாம்.

அன்புடன்,
அம்மா