பிழை வரம்பையும் அச்சிடுங்கள்

ஐயா,

உடல் எவ்வளவு முதுமை அடைந்துள்ளது என்பதைக் காட்டும் 'உயிரியல் வயதை' ரத்தப் பரிசோதனையில் அறியலாம் என்ற தங்கள் செய்தியைப் படித்தேன். டிஎன்ஏ மீதுள்ள மீதைல் எனும் வேதிக் குறிகள் வயதோடு மாறுவதைக் கணக்கிடும் முறை இது. 2013இல் மரபியல் ஆய்வாளர் ஸ்டீவ் ஹார்வத் டிஎன்ஏவின் 353 இடங்களை வைத்து இதைப் பரவலாக்கினார். ஒவ்வோர் இடத்தையும் அளப்பதில் நேரும் சிறு பிழைகள் சேர்ந்தால், ஒரே ரத்தம் இரு முறை சோதிக்கப்படும்போது சில ஆண்டுகள் வேறுபடக்கூடும்.

காட்பாடியில் வசிக்கும் 58 வயதான என் மைத்துனர், ஒரே நேரத்தில் எடுத்த ரத்தத்தை இரண்டு குழாய்களில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினார். ஒன்றில் 52, மற்றதில் 57! முதல் அறிக்கை மட்டும் வந்திருந்தால் சர்க்கரை மாத்திரையையே நிறுத்தியிருப்பார். வயதுக்குப் பக்கத்திலேயே பிழை வரம்பை, அதே அளவு எழுத்தில் அச்சிடுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.

- ஒரு வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்