இன்றைய விலை, நாளைய வட்டி: திட்ட மதிப்பீட்டுப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வங்கித் திட்ட மதிப்பீட்டுப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் கேட்டிருந்த புளிக் குளிர்பதனக் கிடங்குக் கடனை நீங்கள் நிராகரித்த கடிதம் கிடைத்தது. வரும் ஆண்டுகளின் வரவை இன்றைய மதிப்புக்குக் குறைத்து, முதலீட்டைக் கழித்தால் மிஞ்சும் நிகர இன்றைய மதிப்பு மைனஸ் 9.3 லட்சம், ஆகவே பரிந்துரைக்க இயலவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கூடவே கணக்குத் தாளையும் இணைத்து அனுப்பியதற்கு நன்றி. நிறையப் பேர் அதைக்கூட அனுப்புவதில்லை.

கிருஷ்ணகிரிப் பக்கம் புளி வியாபாரம் எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாசி, பங்குனியில் உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை எடுத்த புளியை வெளியில் வைத்தால் மழைக்காலத்துக்குள் கறுத்துவிடும். கறுத்த புளிக்குப் பாதி விலையும் கிடைக்காது. குளிர்பதனக் கிடங்கில் வைத்தவர் நிறம் மாறாமல் எடுத்து, வரத்துக் குறைந்த மாதத்தில் விற்கிறார். கிடங்கு இல்லாதவர் சீசனிலேயே வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிடுகிறார். உங்கள் கடிதம் வந்த வாரம் எங்கள் உறுப்பினர்கள் அதைத்தான் செய்தார்கள். ஓடு உடைத்த கூலியை அன்றைக்கே கொடுத்தாக வேண்டும் என்பதால், மூட்டை கட்டிய கையோடு எடை போட்டு ஏற்றி அனுப்பினார்கள். அந்த நஷ்டத்துக்கு உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் தாளில் உள்ள ஒரு பிழையைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

தாளில் இரவுக் காவலாளி சம்பளம் என்ற வரியைப் பாருங்கள். முதலாம் ஆண்டு 1,44,000 ரூபாய். பதினைந்தாம் ஆண்டும் 1,44,000 ரூபாய்தான். பதினைந்து வருடம் ஒரு ரூபாய்கூட ஏற்றிக் கேட்காமல் ராத்திரிக் காவல் இருக்கிற ஆள் உங்களுக்குத் தெரிந்திருந்தால் தயவுசெய்து முகவரி அனுப்புங்கள், நாளைக்கே வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம். கரண்ட் பில்லும் அப்படித்தான், மூட்டைக்கு வாங்கும் கிடங்கு வாடகையும் அப்படித்தான். எல்லா வரியும் இடமிருந்து வலம் ஒரே எண்.

இதுவரை தவறில்லை. வருங்காலத்து வரவு செலவை எல்லாம் இன்றைய விலையிலேயே எழுதுவது ஒழுங்கான ஒரு முறைதான். அதை நிலை விலைக் கணக்கு, மெய் மதிப்புக் கணக்கு என்பார்கள். தவறு தாளின் கடைசி வரியில் இருக்கிறது. அங்கே, வருங்காலப் பணத்தை ஆண்டுக்கு எவ்வளவு குறைத்து இன்றைய மதிப்பாக்குவது என்று சொல்லும் கழிவு விகிதம் 12 சதவீதம் என்று போட்டிருக்கிறீர்கள். அது நீங்கள் எங்களிடம் கேட்கும் கடன் வட்டி. அந்த 12-க்குள் விலைவாசி உயர்வு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. வரவில் விலைவாசியைச் சேர்க்கவே இல்லை, கழிவில் மட்டும் முழுசாகச் சேர்த்துக் கழித்துவிட்டீர்கள்.

100 ரூபாய் கடன் கொடுத்தவருக்கு ஒரு வருடம் கழித்து 112 ரூபாய் வருகிறது. அதற்குள் விலைவாசி 5 சதவீதம் ஏறிவிட்டால், அந்த 112 ரூபாய்க்கு, இன்றைக்கு 106 ரூபாய் 67 பைசாவுக்கு வாங்கக்கூடிய சரக்குதான் கிடைக்கும். அவர் உண்மையாகச் சம்பாதித்தது 6.67 சதவீதம். மீதி, பணத்தின் மதிப்புத் தேய்ந்ததற்கான ஈடு. 1.12-ஐ 1.05-ஆல் வகுத்து ஒன்றைக் கழித்தால் இந்த எண் வந்துவிடும். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இர்விங் ஃபிஷர் 1896-லேயே விளக்கிவிட்ட விஷயம் இது. பிரிட்டன் நிதியமைச்சகம் பொதுத் திட்டங்களுக்கு 3.5 சதவீதம் என்று ஒரு விகிதம் வைத்திருக்கிறதே, அது விலைவாசி உயர்வை நீக்கிய மெய் விகிதம். அதனால்தான் அதோடு சேரும் வரவு செலவும் நிலை விலையில் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

எங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் நீங்கள் ஏற்றுக்கொண்டவை. முதலீடு 2 கோடி, ஆயுள் 15 ஆண்டு, இன்றைய விலையில் ஆண்டுக்கு நிகர வரவு 28 லட்சம். இந்த 28-ஐ 12 சதவீதத்தில் கழித்துக் கூட்டினால் 190.7 லட்சம். 2 கோடியைக் கழித்தால் உங்கள் மைனஸ் 9.3 வருகிறது. கூட்டலில் பிழை இல்லை. அதே 28-ஐ, அதற்குப் பொருந்துகிற 6.67 சதவீதத்தில் கழித்தால் 260.5 லட்சம் வருகிறது. அதாவது பிளஸ் 60.5 லட்சம். கட்டடம் அதே, புளி அதே, காவலாளியும் அதே ஆள். நடுவில் இருக்கும் 70 லட்சம் அந்த ஒரு வரியில் தொலைந்தது.

மெய் விகிதம் என்பது ஏதோ பாடப்புத்தகச் சமாச்சாரம், வங்கிக்கு ஒத்துவராது என்று நினைத்தால், வேண்டாம், 12-ஐயே வைத்துக்கொள்ளுங்கள். அப்போது வரவை அந்தந்த ஆண்டின் விலையில் எழுத வேண்டும். பத்தாம் ஆண்டை மட்டும் பார்ப்போம். 28 லட்சம் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் பத்தாம் ஆண்டில் சுமார் 45.6 லட்சம் ஆகும். அதை 12 சதவீதத்தில் பத்து ஆண்டு பின்னோக்கிக் கழித்தால் இன்றைய மதிப்பு 14.7 லட்சம். ஏற்றாத 28-ஐ 6.67-ல் கழித்தாலும் அதே 14.7 லட்சம்தான். உங்கள் தாளில் அந்தக் கட்டத்தில் இருப்பது 9 லட்சம். எந்த வழியில் போனாலும் இந்த 9-க்கு வந்து சேர முடியாது, இரண்டு வழியிலும் பாதிப் பாதி போனால் தவிர.

எங்கள் கோரிக்கை இவ்வளவுதான்: வரவும் கழிவும் இரண்டுமே இன்றைய விலையில் இருக்கட்டும், அல்லது இரண்டுமே அந்தந்த ஆண்டு விலையில் இருக்கட்டும்.

5 சதவீதம் என்பது எங்கள் கற்பனை என்று நீங்கள் சொல்லலாம். சரி, ரிசர்வ் வங்கிக்கு 2016 முதல் இலக்காக இருக்கும் 4 சதவீதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மெய் விகிதம் 7.69 ஆகிறது. அப்போதும் நிகர மதிப்பு பிளஸ் 44 லட்சம்.

நேரில் வந்து கேட்டபோது உங்கள் அதிகாரி ஒருவர், "கொஞ்சம் கன்சர்வேட்டிவா இருப்பதுதான் வங்கிக்குப் பாதுகாப்பு" என்றார். எச்சரிக்கை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பிழை எல்லாத் திட்டத்தையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. 4 ஆண்டு ஆயுளுள்ள ஒரு சொத்தின் வரவில் நூற்றுக்கு 11 ரூபாயைத்தான் தின்னும். 15 ஆண்டு ஓடும் சொத்தில் நூற்றுக்கு 27 ரூபாயைத் தின்றுவிடும். ஆயுள் நீள நீள அடி பலமாகிறது. "கிடங்கு வேண்டாம், லாரி வாங்குங்கள், கடன் சீக்கிரம் பாஸ் ஆகும்" என்று அதே அதிகாரி அன்போடு சொன்ன யோசனைக்குப் பின்னால் இருப்பது எச்சரிக்கை இல்லை, இந்தக் கணக்குதான். லாரியில் புளியை வேகமாகக் கொண்டுபோகலாம், கறுக்காமல் வைத்திருக்க முடியாது. எங்கள் திட்டத்தில் ரிஸ்க் இருப்பதாக நினைத்தால் கிடங்கு 60 சதவீதம்தான் நிரம்பும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள், வாடகையைக் குறைத்துப் பாருங்கள். அந்தக் கேள்விகளுக்கு நாங்கள் பதில் சொல்ல முடியும். விலைவாசியைப் பாதியில் விட்டுவிட்டு அதற்கு எச்சரிக்கை என்று பெயர் வைத்தால் யாரும் பதில் சொல்ல முடியாது.

நாங்கள் விவரமான ஆட்களாக இருந்திருந்தால் இதே பிழையைத் தலைகீழாகச் செய்துகொண்டு வந்திருக்கலாம். வரவை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏற்றி, கழிவை மட்டும் மெய் விகிதமான 6.67-ல் வைத்தால், இதே கிடங்கு 171 லட்சம் லாபம் காட்டும். வழவழப்பான தாளில் அச்சடித்து, வண்ணப் படமெல்லாம் போட்டு அப்படி வரும் அறிக்கைகளையும் இதே கண்ணால்தான் பார்க்கிறீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்லா வரியும் விலைவாசியோடு ஏறாது. கிடங்கு நிலத்துக்கு 15 ஆண்டுக்குக் குத்தகை பேசியிருக்கிறோம், ஆண்டுக்கு 3 லட்சம், ஏற்றம் கிடையாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. அது ரூபாயில் நிலையானது. அதை 12-ல் கழிப்பதுதான் சரி. இன்றைய விலைத் தாளில் எழுதுவதானால் ஆண்டுதோறும் அதைத் தேய்த்து எழுத வேண்டும், பத்தாம் ஆண்டில் அது 1.84 லட்சம்தான். அந்த 28 லட்சத்தைக் குத்தகைக்கு முந்தைய 31, குத்தகை 3 என்று பிரித்து, 31-ஐ 6.67-லும் 3-ஐ 12-லும் கழித்தால் நிகர மதிப்பு 60.5 இல்லை, 68 லட்சம். ஒப்பந்தத்தில் தொகை நிலையாக இருக்கும் வரி எது, சந்தையோடு ஏறும் வரி எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பிரிப்பதுதான் மதிப்பீடு. உங்கள் படிவத்தில் அதைக் கேட்கவே ஒரு கட்டம் இல்லை. எங்கள் ஆதார் நகலை மூன்று இடத்தில் கேட்கிற படிவத்தில், விலைவாசியை ஒரே ஒரு இடத்தில் கேட்கக் கூடாதா?

கடன் அடைக்கும் திறனைப் பார்க்கும் தாளிலும் இதே கதை. தவணை ரூபாயில் நிலையானது, எட்டாம் ஆண்டிலும் அதே தொகைதான். அதற்கு எதிரே ஏறாத வரவை வைத்து, திறன் போதவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தவணை அந்தந்த ஆண்டின் ரூபாயில் இருக்கும்போது வரவும் அந்தந்த ஆண்டின் ரூபாயில்தானே இருக்க வேண்டும்? இங்கே இன்றைய விலைக்கு இடமே இல்லை.

கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன் என்றால் மன்னியுங்கள். மறுபடியும் பணிவோடு கேட்கிறோம்: வரவும் கழிவும் ஒரே விலையில் இருக்கும்படி எங்கள் விண்ணப்பத்தை மறுமதிப்பீடு செய்யுங்கள். கணக்குத் தாளின் தலைப்பில் வரவு எந்த விலையில், கழிவு விகிதம் எந்த வகை, விலைவாசி எத்தனை சதவீதம் என்று மூன்று கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டும் பொருந்தவில்லையென்றால் கையெழுத்துப் போடும் முன்பே தெரிந்துவிடும். இரண்டு முறையிலும் வருடவாரியாகப் போட்ட கணக்கை இத்துடன் இணைத்திருக்கிறோம், இரண்டின் கடைசிக் கட்டமும் ஒரே எண். கட்டுமானத்துக்கே பல மாதம் பிடிக்கும் என்பதால் ஆடிக்குள் பதில் கிடைத்தால்தான் அடுத்த மாசிப் புளிக்கு உதவும்.

இப்படிக்கு,
உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் கணக்குப் பொறுப்பாளர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்