பட்டை வயிற்றுக்குக் கீழே இருக்கட்டும்

ஆசிரியருக்கு,

காரின் பின் இருக்கையிலும் சீட் பெல்ட் அவசியம் என்ற உங்கள் தலையங்கத்தைப் படித்தேன். கர்ப்பிணிகள் அதை எப்படிப் போடுவது என்றும் சொல்லியிருக்கலாம். குழந்தையை அழுத்திவிடும் என்று பயந்து பலர் பெல்ட்டையே தவிர்க்கிறார்கள். அது இன்னும் ஆபத்து. இடுப்புப் பட்டை வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்போடு படிந்திருக்க வேண்டும். தோள் பட்டை மார்புகளுக்கு நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும்.

ஏழாம் மாதத்தில் என் மகள் வந்த வாடகைக் காரில் திடீர் பிரேக். பட்டை தொப்புளுக்கு மேலே கிடந்திருக்கிறது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை, சரி என்று வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு மணி நேரத்தில் வயிறு கல்லாக இறுகியது. நஞ்சுக்கொடி ஓரத்தில் லேசாகப் பிரிந்திருப்பதாக மருத்துவர் சொன்னார். நல்ல வேளை, இருவரும் பிழைத்தார்கள். இப்படிக் குலுங்கிய பிறகு வயிறு இறுகினாலோ, ரத்தம் கசிந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பலமாக அடிபட்டிருந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்கவே கூடாது.

மாதப் பரிசோதனையின்போது செவிலியர்கள் ஒருமுறை பட்டையைப் போட்டுக் காட்டலாம். கர்ப்பிணிகளுக்குத் தரும் அட்டையில் அதன் படத்தையும் அச்சிடலாம்.